சாப்பிட உட்கார்ந்தால் வீங்கும் தாடை: எச்சில் கல் பற்றி

கேள்வி: வயது 38. இரண்டு மாதமாக வலது தாடைக்குக் கீழே, சாப்பிட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்குகிறது. விண்ணென்று வலி. ஒரு மணி நேரத்தில் தானாக வடிந்துவிடுகிறது. ஊறுகாய் தொட்டால் இன்னும் மோசம். காய்ச்சல் இல்லை. நெறி கட்டியிருக்கிறது என்று இரண்டு முறை ஆண்டிபயாடிக் கொடுத்தார்கள். கேன்சராக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. கழுத்தைக் கீறிச் சுரப்பியையே எடுக்க வேண்டியிருக்கும் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

இதில் இரண்டு பயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, இது என்ன என்பது. இன்னொன்று, கத்தி எங்கே வைப்பார்கள் என்பது. முதலாவதற்குப் பாதிப் பதில் உங்கள் வரிகளிலேயே இருக்கிறது. நான் காது மூக்கு தொண்டை மருத்துவன், 22 வருடமாகப் பார்க்கிறேன். வீக்கம் எவ்வளவு பெரிது என்பதைவிட எப்போது வருகிறது என்பதைத்தான் முதலில் கேட்பேன். நெறிக்கட்டிக்கு நீங்கள் சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா என்று தெரியாது. புற்றுக்கட்டியும் ஒரு மணி நேரத்தில் வடியாது. சாப்பாட்டோடு ஏறிச் சாப்பாட்டுக்குப் பின் இறங்கும் வீக்கம் என்றால், எச்சில் சுரக்கிறது, வெளியேற வழி இல்லை என்று அர்த்தம். இதுவரை உறுதியாகச் சொல்லலாம். அடைத்துக்கொண்டிருப்பது கல்லா, குழாயில் ஏற்பட்ட சுருக்கமா, கெட்டியான சளிக் கட்டியா என்பதை உங்களைப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது. ஆனால் இவற்றில் அதிகம் காணப்படுவது கல்தான்.

தாடை எலும்பின் கீழ் விளிம்பை ஒட்டி, இரண்டு பக்கமும் பெரிய நெல்லிக்காய் அளவில் ஒரு உமிழ்நீர்ச் சுரப்பி இருக்கிறது. நாம் ஒன்றும் சாப்பிடாமல் சும்மா இருக்கும்போது வாயை ஈரமாக வைத்திருக்கும் எச்சிலில் பெரும்பங்கு இந்த இரண்டிலிருந்துதான் வருகிறது. அங்கிருந்து கிளம்பும் குழாய் ஏறக்குறைய 5 செ.மீ. நீளம். தாமஸ் வார்ட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1656-இல் இதை விவரித்து எழுதியதால் இன்றும் அவர் பெயரில்தான் சொல்கிறோம். நாக்கைத் தூக்கிக் கண்ணாடியில் பாருங்கள். நடுவில் நாக்கைக் கட்டி வைத்தது போல ஒரு நரம்பு தெரியும், உண்மையில் அது நரம்பல்ல, வாயின் உள்தோல் மடிப்பு. அதன் அடியில் இரண்டு பக்கமும் கடுகு போல இரண்டு புடைப்புகள் இருக்கும். குழாய் வாயில் வந்து திறக்கும் இடம் அதுதான். குழாயின் உட்புறம் 2, 3 மி.மீ. அகலம் இருந்தாலும் இந்த வாசல் அரை மி.மீ. அளவுதான். குடத்துக்குக் குண்டூசித் துளை வைத்தது போல.

எச்சில் கல் வருபவர்களில் பத்தில் எட்டுப் பேருக்காவது இந்தத் தாடைக்கீழ்ச் சுரப்பியில்தான் வருகிறது, காதுக்கு முன்னால் இருக்கும் பெரிய சுரப்பியில் அல்ல. அதற்குக் காரணங்கள் உண்டு. இங்கே சுரக்கும் எச்சில் கொழகொழப்பாக இருக்கும், கால்சியமும் அதிகம். சுரப்பி கீழே, வாசல் மேலே என்பதால் எச்சில் மேட்டில் ஏற வேண்டியிருக்கிறது. போதாததற்கு, வாயின் தரையாக விரிந்திருக்கும் தசையின் பின் விளிம்பைச் சுற்றிக் குழாய் ஒரு கூர்மையான வளைவு எடுக்கிறது. வாய்க்காலில் வளைவில்தானே வண்டல் தங்கும்? அங்கே சளியும் உதிர்ந்த செல்களும் சேர்ந்து ஒரு சின்ன உருண்டை ஆகி, அதன்மேல் கால்சியம் பாஸ்பேட் படலம் படலமாகப் படிகிறது. வெட்டிப் பார்த்தால் வெங்காயம் போல அடுக்குகள் தெரியும். வருடத்துக்கு ஏறக்குறைய 1 மி.மீ. வளரும் என்று கணக்கிடுகிறார்கள். அப்படியென்றால் உங்களுக்குத் தொந்தரவு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது என்றாலும், கல் அங்கே வந்து சில வருடங்கள் ஆகியிருக்கலாம். முதல் உருண்டை ஏன் ஒருவருக்கு உருவாகிறது, பக்கத்து வீட்டுக்காரருக்கு உருவாகவில்லை என்பதற்கு மருத்துவத்தில் இன்னும் தீர்மானமான பதில் இல்லை. தண்ணீர் குறைவாகக் குடிப்பதும் வாயை உலர வைக்கும் மாத்திரைகளும் எச்சில் ஓட்டத்தைக் குறைத்து இதற்கு இடம் கொடுக்கின்றன என்பது நியாயமான ஊகம். சளி, அலர்ஜிக்கான சில மாத்திரைகள், மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், நீர் பிரியும் மாத்திரை எல்லாம் இந்த வகை. அதற்காக நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வருகிற ஒவ்வொருவரும் கேட்கிறார்கள். இது ரத்தத்தில் கால்சியம் கூடிப்போனதால் வருவது அல்ல. எச்சில் கல் உள்ள பெரும்பாலானவர்களுக்கு ரத்தக் கால்சியம் சரியாகவே இருக்கும். பால், தயிர், தக்காளியை நிறுத்தி ஆகப்போவது ஒன்றுமில்லை. சிறுநீரகக் கல்லுக்குக் குடிக்கும் வாழைத்தண்டுச் சாறும் கல்லுருக்கிக் கஷாயமும் இந்தக் கல்லைக் கரைக்காது. வயிற்றுக்குள் போகும் சாறு, குழாய்க்குள் மாட்டியிருக்கும் கல்லைத் தொடுவதே இல்லை.

சரி, கல் எப்போதும் அங்கேயேதானே இருக்கிறது, அப்புறம் ஏன் சாப்பிடும்போது மட்டும் வீங்க வேண்டும்? பெரும்பாலும் கல் குழாயை முழுக்க அடைப்பதில்லை. சும்மா இருக்கும் நேரத்தில் சொட்டுச் சொட்டாகச் சுரக்கும் எச்சில் கல்லின் ஓரமாகக் கசிந்து வந்துவிடும். சாப்பாட்டு வாசம் பட்டதும், புளிப்பு நாக்கில் பட்டதும், சுரப்பு பல மடங்கு ஏறுகிறது. கசியும் வழி அதே அளவுதான். வரவு அதிகம், செலவு குறைவு என்பதால் சுரப்பி இரண்டு மூன்று நிமிடத்தில் உப்பிவிடும். அதைச் சுற்றியிருக்கும் உறை இழுபடுவதுதான் அந்த விண்ணென்ற வலி. சாப்பாடு முடிந்து சுரப்பு அடங்கியதும் தேங்கியது ஓரமாகக் கசிந்து வடிகிறது. ஊறுகாய்க்கு ஏன் அதிகம் என்பதும் இப்போது புரிந்திருக்கும்.

நீங்கள் சாப்பிட்ட ஆண்டிபயாடிக் வேலை செய்தது போலத் தோன்றியிருந்தால் அதற்கும் காரணம் இதுதான். வீக்கம் எப்படியும் வடிந்திருக்கும். கிருமி சேர்ந்தால் மட்டுமே மருந்துக்கு அங்கே வேலை. அப்போது வீக்கம் வடியாமல் நிற்கும், தோல் சிவக்கும், காய்ச்சல் வரும், நாக்கின் அடியில் இருக்கும் அந்த வாசலில் சீழ் எட்டிப் பார்க்கும். அந்தக் கட்டத்திலும் மருந்து கிருமியை அடக்குமே தவிர, கல்லை நகர்த்தாது.

ஒருவரின் கதையைச் சொன்னால் மீதி தெளிவாகும் (அவரை அடையாளம் காட்டாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவர், வயது 46. காலை பத்திலிருந்து இரவு ஒன்பது வரை நின்றபடி வேலை. பாத்ரூம் மூன்று மாடி மேலே என்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டவர். இரண்டு வருடத்தில் நான்கு முறை நெறிக்கட்டி என்று மாத்திரை வாங்கியிருக்கிறார். என்னிடம் வந்தபோது காலை பதினோரு மணி, வீக்கம் எதுவும் இல்லை. "டாக்டர் முன்னாடி வந்தா மட்டும் ஒளிஞ்சுக்குதுங்க" என்றார். நர்ஸம்மாவிடம் சொல்லி ஒரு எலுமிச்சைத் துண்டு வாங்கி அவர் நாக்கில் வைத்தேன். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க, இடது தாடைக்குக் கீழே மெல்ல உப்ப ஆரம்பித்தது. வலது பக்கம் வாசலில் எச்சில் ஊற்று போல வந்தது. இடது பக்கம் வறண்டு கிடந்தது. நோயை அறிய அதற்குமேல் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை.

அடுத்த கேள்வி கல் எங்கே இருக்கிறது என்பது. சிகிச்சை முழுவதும் இந்த ஒரு பதிலில்தான் தொங்குகிறது. கையுறை போட்ட ஒரு விரலை வாய்க்குள் நாக்கின் ஓரத்தில் வைத்து, மற்றக் கை விரல்களால் வெளியே தாடைக்கு அடியில் மேல்நோக்கித் தாங்கிப் பிடித்து, பின்னாலிருந்து முன்னால் தடவி வர வேண்டும். எப்போதும் பின்னாலிருந்து முன்னால்தான். முன்னாலிருந்து பின்னால் தடவினால் கையில் அகப்பட வேண்டிய கல்லை நாமே உள்ளே தள்ளிவிடுவோம். அவருக்கு வாசலிலிருந்து ஒன்றரை செ.மீ. பின்னால், முன் கடைவாய்ப் பல்லுக்கு நேராக, கொண்டைக்கடலையைவிடக் கொஞ்சம் சிறிதாகக் கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. வாய்க்குள் பிலிமைக் கடிக்க வைத்துக் கீழிருந்து மேலாக எடுக்கும் எக்ஸ்ரேயில் அது 7 மி.மீ. வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது. இந்தச் சுரப்பியின் கற்களில் ஐந்தில் நான்கு எக்ஸ்ரேயில் தெரியும். மீதி தெரியாது, அதனால் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்பதை வைத்துக் கல் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் எடுத்தோம். கல்லுக்குப் பின்னால் குழாய் விரிந்திருந்தது, சுரப்பியில் வேறு கட்டி இல்லை, இரண்டாவது கல்லும் இல்லை. முன்னால் ஒன்றை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பியபின், பின்னால் இன்னொன்று ஒளிந்திருந்ததை ஒரு மாதம் கழித்துக் கண்டுபிடித்த சங்கடம் எனக்கு ஆரம்ப வருடங்களில் ஒரு முறை நடந்திருக்கிறது. அதனால்தான் இப்போது ஸ்கேன் இல்லாமல் கத்தியைத் தொடுவதில்லை. ஸ்கேனிலும் 2 மி.மீ.க்குக் குறைந்த கல் தப்பிவிடலாம். சந்தேகம் தீராவிட்டால் சிடி ஸ்கேன் எடுப்போம்.

அவருக்குக் கழுத்தில் கீறல் எதுவும் தேவைப்படவில்லை. நாக்கின் அடியில் மரத்துப்போகும் ஊசி போட்டேன். முதல் வேலை கல்லைத் தொடுவது அல்ல, கல்லுக்குப் பின்னால் குழாயைச் சுற்றி ஒரு தையல் நூலைப் போட்டு இழுத்துப் பிடிப்பது. அந்த நூல் இல்லாமல் கீறினால், வழுக்கும் அந்தக் கல் நம் கண் முன்னாலேயே பின்னுக்கு நழுவி வளைவுக்குள் போய்விடும். அப்புறம் அரை மணி நேர வேலை வேறு ஒரு நாளுக்கான பெரிய வேலை ஆகிவிடும். நூலைப் பிடித்த பிறகு, கல்லின் மேலேயே குழாயின் நீளவாக்கில் ஒரு செ.மீ. கீறினேன். மஞ்சளாக, சொரசொரப்பாகக் கல் வெளியே வந்தது. அதன் பின்னாலேயே இரண்டு வருடமாகத் தேங்கியிருந்த கலங்கிய எச்சில் குபுக்கென்று வந்தது. உப்புத் தண்ணீரால் கழுவி, நூலை அவிழ்த்து, கீறிய குழாயை மூடாமல் அதன் விளிம்புகளை வாய்த் தோலோடு சேர்த்து இரண்டு தையல் போட்டேன். மூடித் தைத்தால் அந்த இடம் சுருங்கி மறுபடி அடைத்துக்கொள்ளும். திறந்து விட்டால் பழைய வாசலுக்குப் பின்னால் எச்சிலுக்குப் புது வாசல் கிடைத்துவிடும். மொத்தம் அரை மணி நேரம். அன்று சாயங்காலம் ஆறிய இட்லி சாப்பிட்டார். ஒரு மாதம் கழித்து வந்தபோது எலுமிச்சையை வைத்துப் பார்த்தேன், இரண்டு பக்கமும் ஊறியது. இரண்டு வருடம் அடைபட்டுக் கிடந்தும் அந்தச் சுரப்பி செத்துப்போகவில்லை.

இதுதான் உங்கள் இரண்டாவது பயத்துக்கான பதிலும். முன்பெல்லாம் கல் உள்ளே தள்ளி இருந்தால், சுரப்பி எப்படியும் கெட்டுப்போயிருக்கும் என்று கழுத்து வழியாக அதையே எடுத்துவிடுவது வழக்கம். அடைப்பை நீக்கினால் சுரப்பி பெரும்பாலும் திரும்ப வேலை செய்கிறது என்று தெரிந்தபின் அந்த அவசரம் குறைந்துவிட்டது. கல் முன்பாதியில், விரலுக்கு எட்டும் இடத்தில் இருந்தால் வாய் வழியாகவே எடுத்துவிடலாம். வளைவிலோ சுரப்பியின் வாயிலிலோ இருந்தால் யோசிக்க வேண்டும். அந்த இடத்தில் நாக்குக்கு உணர்வு தரும் நரம்பு குழாயின் அடியில் புகுந்து மறுபக்கம் வருகிறது. அதை முதலில் கண்டுபிடித்து ஒதுக்கி வைத்தபிறகே கல்லை நெருங்க முடியும். மயக்கம் கொடுத்துத்தான் செய்வோம். கைதேர்ந்தவர் செய்தாலும் சிலருக்கு நாக்கின் ஒரு பக்கம் சில வாரம் மரத்திருக்கும், அபூர்வமாக நிரந்தரமாகவும் நின்றுவிடும்.

1990-களிலிருந்து இன்னொரு வழியும் வந்திருக்கிறது. ஒன்று, ஒன்றரை மி.மீ. தடிமனுள்ள எண்டோஸ்கோப்பை அந்தக் கடுகு வாசலை விரித்து உள்ளே விட்டு, குழாயை உள்ளிருந்தே பார்த்து, சின்னக் கம்பிக் கூடையால் கல்லைப் பிடித்து இழுப்பது. அழகான வேலைதான். ஆனால் கல் 4 மி.மீ.க்குள், ஒட்டாமல் நகரும் நிலையில் இருந்தால்தான் கூடைக்கு அகப்படும். பெரிய கல்லை லேசரால் உடைக்க வேண்டும், அல்லது உள்ளிருந்து வெளிச்சம் காட்டி வாய் வழியாகக் கீறி எடுக்க வேண்டும். இந்தக் கருவி எல்லா ஊரிலும் இல்லை, செலவும் கூடுதல். முன்னால் தட்டுப்படும் 7 மி.மீ. கல்லுக்கு இதைத் தேடி அலைய வேண்டாம் என்பது என் கருத்து. கல் இல்லாமல் சுருக்கம் மட்டும் இருப்பவர்களுக்கு இது உண்மையிலேயே வரப்பிரசாதம்.

சுரப்பியை எடுக்கும் ஆபரேஷன் இன்றும் இருக்கிறது. சுரப்பியின் உள்ளேயே கற்கள் பொதிந்திருந்தால், அடிக்கடி சீழ் பிடித்து அது நார் போல ஆகியிருந்தால், அதைத்தான் செய்வோம். தாடை எலும்புக்கு இரண்டு விரற்கடை கீழே கீறுவதே, கீழ் உதட்டை இறக்கும் மெல்லிய நரம்பு எலும்பின் ஓரத்தை ஒட்டிப் போகிறது என்பதால்தான். அதில் அடிபட்டால் சிரிக்கும்போது வாய் ஒரு பக்கம் கோணும். உங்களுக்கு இரண்டு மாதத் தொந்தரவு, கிருமி இல்லை, இடையில் முழுதாக வடிகிறது. நீங்கள் எழுதியது சரியென்றால், முதல் பேச்சிலேயே சுரப்பியை எடுக்கச் சொல்வதற்குக் காரணம் எனக்குத் தெரியவில்லை. சொன்னவர் மருத்துவராக இருந்தால், கல் எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் சொன்னாரா என்று கேளுங்கள்.

மருத்துவரைப் பார்க்கும்வரை வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. 2, 3 மி.மீ. கல் சில சமயம் தானாக வெளியே வந்து விழும், சாப்பாட்டில் கல் கிடந்தது என்று நினைத்துத் துப்பியவர்களும் உண்டு. தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள். தாடைக்கு வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுங்கள். நாளைக்கு மூன்று நான்கு முறை எலுமிச்சையோ புளிப்பு மிட்டாயோ சப்பிவிட்டு, தாடைக் கோணத்திலிருந்து முகவாய்க்கட்டை நோக்கி மெதுவாக நீவி விடுங்கள். திடீரென்று உப்பாகக் கொஞ்சம் திரவம் வந்து வீக்கம் சட்டென்று அமுங்கினால் வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். ஒன்று இரண்டு வாரத்தில் பலன் இல்லையென்றால் இதைத் தொடர வேண்டாம். கல் பெரிதாக இருந்து நீங்கள் புளிப்பைத் தின்றுகொண்டே இருந்தால் வலிதான் கூடும். சீழ், காய்ச்சல் இருக்கும்போது நீவவே கூடாது. நாக்கின் அடியில் வெள்ளையாக எட்டிப் பார்க்கும் கல்லை ஊசியாலோ ஊக்காலோ குத்தி எடுக்கப் போகாதீர்கள். வாசல் கிழிந்து ஆறும்போது சுருங்கினால், கல் போன பின்னும் அடைப்பு நிற்கும்.

கேன்சர் பயத்தைப் பற்றி நேராகவே சொல்கிறேன். இந்தச் சுரப்பியில் கட்டி வருவது அபூர்வம். ஆனால் வந்தால், அதில் புற்றாக இருப்பவை கணிசமானவை. அதனால் நான் அலட்சியமாகப் பேச மாட்டேன். வித்தியாசம் என்னவென்றால், அது சாப்பாட்டு நேரம் பார்க்காது. இரண்டு வேளைக்கு நடுவில் தொட்டுப் பார்த்தாலும் கெட்டியாக அங்கேயே இருக்கும், நாளாக நாளாக வளரும். நாக்கு மரத்தாலோ, உதடு ஒரு பக்கம் கோணினாலோ தாமதிக்கக் கூடாது. இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் வடியாமல் நிற்கும் எந்தக் கட்டிக்கும் ஸ்கேனும் ஊசி வைத்து எடுக்கும் பரிசோதனையும் வேண்டும். இன்னொரு பக்கம், வாயின் தரை முழுக்க வீங்கி நாக்கு மேலே தூக்கிக்கொண்டு, எச்சில் விழுங்க முடியாமல், வாய் திறக்க முடியாமல், மூச்சுத் திணறினால் காலைவரை காத்திருக்காதீர்கள். அந்த இரவே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். கிருமி கழுத்தின் ஆழத்துக்குப் பரவி மூச்சுவழியை அடைக்கும் நிலை அது. பத்தில் ஒன்பது முறை அதற்குக் காரணம் சொத்தைப் பல்லாக இருக்கும், சில சமயம் இந்தச் சுரப்பியாகவும் இருக்கும்.

இதில் எதுவும் இப்போது உங்களுக்கு இருப்பதாகத் தெரியவில்லை. இந்த வாரமோ அடுத்த வாரமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ, வாய் மற்றும் தாடை அறுவைச் சிகிச்சை செய்யும் பல் மருத்துவரிடமோ போங்கள். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் டோக்கன் வாங்குங்கள், வெறும் வயிறாக இருந்தால் நல்லது. வீங்கியிருக்கும்போது முன்பக்கமாக ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சட்டைப்பையில் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கட்டும், எல்லா கிளினிக்கிலும் இருக்காது.